‘செய்யக் கூடாதவை’ காணாமல் போன கதை: ஒரு தென்னைத் துண்டறிக்கை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பொள்ளாச்சிப் பக்கம் உள்ள ஒரு டிடிபி கடையில் நடந்தது இது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோம்பி நோட்டீஸ், சொசைட்டி ரசீதுப் புத்தகம் என்று வழக்கமான வேலைகள் ஓடுகிற கடை, கம்ப்யூட்டரில் உட்காருவது ஒரே ஒரு பெண். அங்கே மெய்ப்புப் பார்க்கப் போகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர், சங்கத்தின் பெயர், எந்தத் தளத்திலிருந்து எடுத்தார்கள் என்பது எதையும் சொல்லவில்லை, விஷயத்துக்கு அது தேவையும் இல்லை.

வேலை கொடுத்தது பக்கத்து ஊர்த் தென்னை விவசாயிகள் சங்கம். சுருள் வெள்ளை ஈ பற்றி ஏ4 தாளில் இரண்டு பக்கத்துக்கு ஒரு துண்டறிக்கை, ஆயிரம் பிரதி, அடுத்த கூட்டத்துக்குள் வேண்டும். இந்த ஈயைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2016-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பதிவானது பொள்ளாச்சித் தோப்புகளில்தான். ஓலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக முட்டை வைக்கும், அது சாறு உறிஞ்சிக் கழிக்கிற பிசுக்கு கீழ் ஓலைகளில் சொட்டும், அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து தோப்பே புகை பிடித்த அடுப்படி மாதிரி ஆகிவிடும்.

செயலாளர் போனில் ஒரு வேளாண் தகவல் தளத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தில் விரலை அழுத்திப் பிடித்து, ‘Select all’ கொடுத்து, நகலெடுத்து, கடையின் வாட்ஸ்அப்புக்கு ஒட்டி அனுப்பிவிட்டார். கூடவே ஒரு குரல் பதிவு: “எல்லாம் இதுல இருக்குதுங்க, அப்படியே போட்டுருங்க.” அதே ஒட்டலைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பியிருந்தார், அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கைக்கு வந்தது என்ன

வந்த செய்தி ரொம்ப நீளம். இடையிடையே சுருக்கி, அதன் வடிவம் மட்டும் தெரிகிற மாதிரி தருகிறேன்.

```
We use cookies to improve your experience.
Accept All
Reject
Skip to main content
முகப்பு
பயிர்கள்
பூச்சி மேலாண்மை
A- A A+
தென்னையில் சுருள் வெள்ளை ஈ
(அறிகுறிகள் பற்றிப் பத்திகள்)
இதையும் படிக்க
கத்தரியில் வெள்ளை ஈ
(மருந்து தெளிப்பது பற்றி ஒரு நீண்ட பத்தி...)
(கட்டுப்படுத்தும் முறை, அட்டவணை)
செய்யக் கூடாதவை
அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்
தொடர்புக்கு
கடைசியாகப் புதுப்பித்தது:
```

இதில் இரண்டு சங்கதிகள் பார்க்கிறவரைக் குழப்பும். குக்கீ அறிவிப்பு போன் திரையில் அடியில்தான் நின்றது, ஒட்டலில் உச்சியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘Skip to main content’ என்ற வரி திரையில் கண்ணுக்கே படவில்லை, ஒட்டலில் இருக்கிறது. காரணம் சாதாரணமானது. நகலெடுக்கும்போது பிரவுசர் பக்கத்தின் மூலநிரலில் எது முன்னால் எழுதப்பட்டிருக்கிறதோ அந்த வரிசையில்தான் எழுத்தை அள்ளுகிறது, திரையில் எது எங்கே தெரிகிறது என்பது அதற்கு அவ்வளவு முக்கியமில்லை. ‘Skip’ வரி, திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் வைத்துப் படிக்கிற பார்வையற்றவர்களுக்காக வைப்பது, கண்ணுக்குத் தெரியாமல் ஒதுக்கியிருந்தாலும் எழுத்தாகப் பக்கத்தில் இருக்கும், அதனால் அள்ளும்போது கூடவே வரும். (தென்னை பற்றிய தமிழ்ப் பக்கத்தில் குக்கீக்கு என்ன வேலை என்று கேட்டால், ஐரோப்பாவில் 2018 மே மாதம் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு ரெடிமேட் டெம்ப்ளேட்டுகளோடு இதுவும் ஒட்டிக்கொண்டே வருகிறது.)

கண்ணுக்குத் தெரியாதது வரும் என்றால், அதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. தட்டினால் விரிகிற தலைப்புகள் இருக்கிறதே, அந்த மடிந்த பகுதியைப் பெரும்பாலான தளங்கள் `display:none` என்று முழுசாக மறைத்து வைக்கின்றன. அப்படி மறைத்ததை பிரவுசர் நகலில் சேர்ப்பதில்லை. தலைப்பு மட்டும் வரும், அதற்குள் இருக்கிற பத்தி வராது. மேலே உள்ள ஒட்டலில் ‘செய்யக் கூடாதவை’ அப்படித்தான் வந்திருக்கிறது, கீழே ஒன்றுமில்லாமல். ஆனால் அந்த வரியை முதல்தடவை பார்த்த யாருக்கும் அது உறைக்கவில்லை.

முதல் சுத்தம்

இந்தக் கடையில் இன்னும் பேஜ்மேக்கர்தான், எழுத்துரு பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவங்களை வைத்திருக்கிற பழைய எழுத்துரு. வாட்ஸ்அப்பில் யூனிகோடில் வருவதை ஒரு மாற்றியில் போட்டு பாமினிக்குக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். மாற்றி தமிழை மட்டும்தான் தொடும், ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிடும். அந்த ஆங்கில எழுத்தின்மேல் பாமினி ஏறியதும் அது தமிழ் வேஷம் போட்டுக்கொள்ளும். cookies என்பது ‘உழழமநைள’ என்று தெரியும், www என்பது ‘றறற’. சின்னக் கடைகளில் பழகியவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு, பார்த்த உடனே இது ஆங்கிலம் என்று அழித்துவிடுவார்கள். அந்தப் பெண்ணும் அழித்துவிட்டார். ஆக, ஆங்கிலக் குப்பை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிட்டது. தமிழில் இருந்த குப்பைக்கு அந்த வசதி இல்லை.

தமிழ் வரிகளுக்கு அவர் கையாண்ட வழி, யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்: முற்றுப்புள்ளி இல்லாத குட்டி வரி என்றால் மெனு, நீளமாகப் பத்தியாக ஓடினால் விஷயம். முகப்பு, பயிர்கள், தொடர்புக்கு எல்லாம் இந்தச் சல்லடையில் சரியாகப் போயின. அட்டவணையில் மட்டும் நின்று யோசித்திருக்கிறார். போனுக்காக அந்தத் தளத்தில் அட்டவணையின் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருந்ததால், ‘மைதா கரைசல்’, ‘25 கிராம்’, ‘1 லிட்டர்’ என்று ஒவ்வொன்றும் தனி வரியாக வந்திருந்தது. இது மெனு இல்லை என்று கண்டுபிடித்து, செயலாளரிடம் அந்த இடத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் கேட்டு வாங்கி, பார்த்துத் தட்டச்சு செய்துவிட்டார். கரும்பூசணத்தை உதிர்க்கிற அந்த மைதாக் கரைசல் அளவு சரியாக வந்ததற்கு அதுதான் காரணம்.

ஆனால் அதே சல்லடையில் இரண்டு விஷயங்கள் தப்பிப் போயின. முதலாவது, ‘இதையும் படிக்க’ பெட்டி. அதில் இரண்டு குட்டி வரிகள், ஒரு நீண்ட பத்தி. குட்டி வரிகளை அழித்தார், நீண்ட பத்தியை விட்டார். அழிந்த குட்டி வரிகளில் ஒன்றுதான் ‘கத்தரியில் வெள்ளை ஈ’. பயிரின் பெயர் போய்விட்டது, மருந்தின் பெயரும் ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்பதும் மிஞ்சிவிட்டன. அந்தப் பத்தியில் வேறெங்கேயும் கத்தரி என்று இல்லை, வெறுமனே ‘வெள்ளை ஈயின் தாக்குதல் அதிகமாக இருந்தால்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. இந்தப் பெட்டியில் இதுதான் வில்லங்கம். தளங்கள் தொடர்புடைய கட்டுரையைப் பெரும்பாலும் சொல் பொருத்தம் பார்த்துத்தான் எடுத்துப்போடுகின்றன, அதனால் பக்கத்தில் இருக்கிற குப்பையிலேயே விஷயத்துக்கு மிக நெருக்கமாகத் தெரிவது அதுவாகத்தான் இருக்கும். வங்கி விளம்பரம் வந்து விழுந்திருந்தால் சின்னப்பிள்ளைகூடப் பிடித்திருக்கும்.

இரண்டாவது, ‘செய்யக் கூடாதவை’. முற்றுப்புள்ளி இல்லை, குட்டி வரி, அடியில் பத்தி இல்லை, மேலும் கீழும் மெனு போலத் தெரிகிற வரிகள். அழித்துவிட்டார். உள்ளே இருந்த பத்தி ஏற்கெனவே நகலில் வரவில்லை, அது வரவில்லை என்பதற்கு இருந்த ஒரே அடையாளமும் இதோடு போய்விட்டது.

மெய்ப்பு நாள்

மெய்ப்பு பார்க்கச் செயலாளர் வரவில்லை, சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரை அனுப்பியிருந்தார். கண்ணாடி கொண்டுவர மறந்துவிட்டதால், “நீயே படி அம்மிணி, நான் கேட்டுக்கறேன்” என்று உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலோட்டமாகப் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

மருந்துப் பத்தி வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார். “ஏனம்மிணி, தென்னைக்கு மருந்து அடிக்கச் சொல்லியா போட்டிருக்குது? வேளாண்மை ஆபீசருங்க வர்றப்பல்லாம் அடிக்காதீங்க அடிக்காதீங்கன்னுதானுங்க சொல்றாங்க.”

“வந்ததுல அப்படித்தானுங்க இருந்துதுங்க ஐயா” என்றார் அந்தப் பெண். அது உண்மைதான், வந்ததில் அப்படித்தான் இருந்தது.

பெரியவர் சொன்னதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் ஒரு பத்தி மாறிப்போவது சும்மா அச்சுப்பிழை இல்லை. என்கார்சியா குவாடலூப்பே என்ற மிகச் சின்ன ஒட்டுண்ணிக் குளவி இந்த வெள்ளை ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டை வைத்து அதைத் தீர்த்துக்கட்டுகிறது. தோப்பில் ஈ கட்டுக்குள் வருவதற்கு இந்தக் குளவி பெரிய காரணம். ஒட்டுண்ணி பிடித்த ஓலைத் துண்டை எடுத்து, அது இல்லாத தோப்பில் கொண்டுபோய்க் கட்டிவிடுவதே ஒரு சிபாரிசு. ரசாயன மருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான். அப்புறம் ஈ திரும்ப ஏறும்போது அதைத் தடுக்க ஆள் இருக்காது. மஞ்சள் ஒட்டுப்பொறி, விசையாகத் தண்ணீர் பீய்ச்சுவது, மைதாக் கரைசல் என்று மற்றதெல்லாம் குளவிக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கத்தான். மூலப்பக்கத்தில் ‘செய்யக் கூடாதவை’க்குள் மடிந்து கிடந்தது இதுதான்.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

பெரியவர் சொன்ன பத்தியை மட்டும் எடுத்துவிட்டு அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்றார் கடைக்காரர், கூட்டத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. நான் வேண்டாம் என்றேன். ஒரு பத்தி தவறாக உள்ளே வந்திருக்கிறது என்றால், வரவேண்டியது ஏதாவது வராமல் போயிருக்கிறதா என்பது நம்மிடம் இருக்கிற ஒட்டலை எத்தனை தடவை புரட்டினாலும் தெரியாது, மூலப்பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். செயலாளருக்குப் போன் போட்டு எழுத்து வேண்டாம், சுட்டியை மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டோம்.

கடைக் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்ததும் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. கத்தரிப் பத்தி பழுப்பு நிறப் பெட்டிக்குள் தனியாக இருந்தது, திரையில் பார்க்கிறவர் யாரும் அதைத் தென்னையோடு குழப்பிக்கொள்ள மாட்டார். நிறமும் பெட்டியும் வாட்ஸ்அப்புக்கு வரும்போது கழன்றுவிட்டன. ‘செய்யக் கூடாதவை’ பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. தட்டியதும் விரிந்தது.

முதலில் கட்டுரையை மட்டும் பிரித்துக் காட்டுகிற பிரவுசரின் ரீடர் வியூ போட்டுப் பார்த்தோம், அது ஒரே தட்டில் மெனுவையும் அடிப்பகுதியையும் தூக்கிவிடும் என்பதால். மெனு போயிற்று, குக்கீ போயிற்று, அட்டவணை ஒழுங்காக நின்றது. ஆனால் கத்தரிப் பத்தி அங்கேயேதான் இருந்தது, இப்போது பழுப்புப் பெட்டிகூட இல்லாமல் மற்ற பத்தியோடு பத்தியாக. இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஃபயர்பாக்ஸ் போன்றவற்றின் ரீடர் வியூ எது கட்டுரை என்று ஊகிப்பது எழுத்தின் நீளம், காற்புள்ளிகளின் எண்ணிக்கை, ஒரு பகுதியில் எவ்வளவு பங்கு சுட்டிகளாக இருக்கிறது என்பதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான். நீளமாக, சுட்டி குறைவாக, கட்டுரையின் நடுவில் இருக்கிற பத்தியை அது கட்டுரை என்றே எடுத்துக்கொள்ளும். நம் ஆப்பரேட்டர் பெண் போட்ட கணக்கும் அதுதானே, அவர் ஒன்றும் முட்டாள்தனமாகச் செய்துவிடவில்லை.

ஆகையால் கையால்தான் எடுத்தோம். மடிந்த தலைப்புகளை எல்லாம் முதலில் தட்டி விரித்தோம். இந்தப் பக்கத்தில் ஒன்றை விரித்தால் மற்றது மூடிக்கொள்ளவில்லை, அது நல்ல காலம். சில தளங்களில் மூடிக்கொள்ளும், அங்கே ஒவ்வொன்றாக விரித்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அப்புறம் கட்டுரைத் தலைப்பின் முன்னால் ஒரு கிளிக், கடைசி வரியின் முடிவில் ஷிப்டை அழுத்திக்கொண்டு இன்னொரு கிளிக். இடையில் உள்ளது மட்டும் தேர்வாகும், மேலே மெனுவும் கீழே அடிப்பகுதியும் வராது. அதை வேர்டில் ஒட்டாமல் நோட்பேடில் ஒட்டினோம், வேர்டில் போட்டால் சுட்டியும் பெட்டியும் பின்னணி நிறமும் கூடவே வந்து தொல்லை. கத்தரிப் பெட்டியைத் திரையில் பார்த்துக்கொண்டே நோட்பேடில் அழித்தோம்.

அடிப்பகுதியில் இருந்து ஒன்றை மட்டும் வேண்டுமென்றே எடுத்துச் சேர்த்தோம், ‘கடைசியாகப் புதுப்பித்தது’ என்ற தேதி. முதல் சுத்தத்தில் அதுவும் மெனுக்களோடு போயிருந்தது. பூச்சி மேலாண்மைச் சிபாரிசு வருஷத்துக்கு வருஷம் மாறும், எந்தத் தேதி நிலவரம் என்று துண்டறிக்கையில் போடாவிட்டால் இரண்டு வருஷம் கழித்து எவரோ மடித்து வைத்ததை எடுத்து வாதாடுவார்கள். அங்கேயே மறுபதிப்பு பற்றி ஒரு வரி இருந்தது, அனுமதி கேட்டு எழுத வேண்டும் என்று. செயலாளர் மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்கினார். அடிப்பகுதி என்றாலே குப்பை என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு வரிகளையாவது படித்துவிட்டுத் தள்ளலாம்.

அதற்குப் பிறகு நடந்தது

புது மெய்ப்பையும் பெரியவருக்கே படித்துக் காட்டினோம், அவர் தலையாட்டிய பிறகுதான் அச்சுக்குப் போயிற்று. ‘செய்யக் கூடாதவை’ முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டி வந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கட்டுகள் கொடுத்தாகிவிட்டது.

சிக்கல் இருந்தது குழுவில் போன ஒட்டலில். நீளமான செய்தி என்பதால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி ‘மேலும் படிக்க’ போட்டிருந்தது. மேலே தெரிந்ததெல்லாம் குக்கீயும் முகப்பும் பயிர்களும்தான், முக்கால்வாசிப் பேர் அதோடு விட்டுவிட்டார்கள். குப்பை செய்த ஒரே உபகாரம் அது. ஆனால் ஒருவர் பொறுமையாக உள்ளே போய், மருந்துப் பத்தியை மட்டும் தனியாக வெட்டி வேறு இரண்டு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார். அவர் எடுத்ததும் தலைப்பு இல்லாத அதே பத்திதான், நடைமுறைக்கு உதவுகிற மாதிரி அளவோடு இருந்தது அது ஒன்றே என்பதால்.

செயலாளர் தன் செய்தியை அழிக்கப் பார்த்தார். எல்லோருக்குமாக அழிப்பதற்கு வாட்ஸ்அப் தருகிற அவகாசம் இரண்டரை நாள், அது தாண்டிவிட்டிருந்தது. தாண்டாமல் இருந்தாலும், வெட்டி அனுப்பப்பட்ட நகல்களை அது தொடாது. கடைசியில் அவர் ஒரு குரல் பதிவு போட்டார், எழுத்தாக இல்லாமல், தன் குரலிலேயே: அந்த மருந்து கத்தரிக்குங்க, தென்னைக்கு இல்லைங்க, யாரும் அடிச்சுப் போடாதீங்க. வெட்டி அனுப்பியவரே அதை அந்த இரண்டு குழுக்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒருவர் மருந்து வாங்கியே வைத்துவிட்டுக் கூட்டத்தில் வந்து கேட்டார், பெரியவர் அவரை உட்காரவைத்து விளக்கினார்.

இனி மாற்றியது

கடையில் இப்போது இணையத்திலிருந்து எடுத்த விஷயம் என்று தெரிந்தால் ஒட்டலோடு சுட்டியும் கேட்கிறார்கள். சுட்டி தர முடியாதவர்கள் உண்டு, யாரோ அனுப்பியதை அவர்கள் மறுபடி அனுப்புவார்கள், மூலம் எதுவென்று அவர்களுக்கே தெரியாது. அப்படி வந்தால் மெய்ப்பின் மேலேயே ‘மூலத்தோடு ஒப்பிடவில்லை’ என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறோம். இது கொஞ்சம் கறாராகத் தெரியும், சில வாடிக்கையாளர்களுக்கு முகம் சுருங்கவும் செய்கிறது.

இன்னொரு மாற்றம், அந்தப் பெண்ணே கொண்டுவந்தது. சந்தேகமான குட்டி வரிகளை அவர் இப்போது அழிப்பதில்லை. பாமினிக்கு மாற்றும் முன்னாலேயே, யூனிகோடில் இருக்கும்போதே, அவற்றுக்கு மஞ்சள் பூசி அச்செடுத்து மெய்ப்போடு கூட வைத்துவிடுகிறார். எதை எடுக்கப் போகிறோம் என்பதை விஷயம் தெரிந்தவர் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அழித்த பிறகு காட்டினால் அழிந்தது தெரியாது அல்லவா. அடியில் பத்தி இல்லாமல் நிற்கிற தலைப்பு எதுவாக இருந்தாலும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுகிறார். போன மாதம் ஒரு கூட்டுறவுக் கடன் அறிவிப்பில் ‘தேவையான ஆவணங்கள்’ என்ற தலைப்பு அப்படி வெறுமனே நின்றது, சுட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பட்டியலே மடிந்து கிடந்தது.

செயலாளருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: ‘Select all’ வேண்டாம், கூட்டல் குறிகளைத் தட்டி விரித்துவிட்டு, தலைப்பில் அழுத்திப் பிடித்து முனையைக் கடைசி வரி வரை இழுங்கள் என்று. போனில் அது சுலபமில்லை, நீளமான பக்கத்தில் பாதியில் விரல் நழுவிவிடும், மறுபடி முதலிலிருந்து. அவருக்குப் பொறுமை இருக்கிற நாளில் அப்படி அனுப்புகிறார். இல்லாத நாளில் சுட்டியை மட்டும் அனுப்பிவிட்டு, “அம்மிணிகிட்டச் சொல்லி எடுத்துக்கச் சொல்லுங்க” என்கிறார், எங்களுக்கும் அதுதான் சௌகரியம்.